வரிசைப் புதிர்களை விடைத்தெரிவுகளிலிருந்து பின்னோக்கித் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொள்குறி வினாவாக வரும் தர்க்கப் புதிரை இரண்டு பக்கங்களிலிருந்து அணுகலாம். குறிப்புகளிலிருந்து தொடங்கி, சாத்தியமான எல்லா வரிசைகளையும் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு விடையைத் தேடுவது முன்னோக்கிய வழி. கொடுக்கப்பட்ட தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது குறிப்புகளோடு ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று சோதிப்பது பின்னோக்கிய வழி. இந்த வழிகாட்டி இரண்டாவது வழியை, அது மிகுதியாகப் பயன்படும் வரிசைப் புதிர்களை வைத்து விளக்குகிறது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சோதனையைச் செய்வதில் அல்ல. ஒரு தெரிவு சோதனையில் தேறினால் அது விடை என்று பொருளா, அல்லது இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று பொருளா என்பதை அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதில்லை. சோதனையின் முறையே வினாவுக்கு வினா மாறுகிறது என்பதுதான் இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி. ஆகவே ஒரே புதிரை எடுத்துக்கொண்டு, அதில் மூன்று வகை வினாக்களையும் தீர்த்துப் பார்ப்போம்.

1. எடுத்துக்கொள்ளும் புதிர்

கவின், தாமரை, நளன், மதி, ரகு, வாணி ஆகிய ஆறு பேர் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில், 1 முதல் 6 வரையிலான இடங்களில் நிற்கிறார்கள். குறிப்புகள் நான்கு:

முதல் குறிப்பு: கவினுக்கு ஒட்டிய வலப்புறத்தில் மதி நிற்கிறார்.
இரண்டாம் குறிப்பு: நளன், ரகுவுக்கு இடப்புறத்தில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறார்.
மூன்றாம் குறிப்பு: வாணி வரிசையின் எந்த முனையிலும் நிற்கவில்லை.
நான்காம் குறிப்பு: தாமரைக்கும் ரகுவுக்கும் நடுவே சரியாக இரண்டு பேர் நிற்கிறார்கள்.

2. தொடங்குமுன்: குறிப்புகளைச் சுருக்கி எழுதுங்கள்

பின்னோக்கிய வழியில் ஒவ்வொரு குறிப்பையும் பலமுறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் முழு வாக்கியத்தைப் படித்தால் நேரம் போவது ஒருபுறமிருக்க, ஏதாவது ஒரு முறை ‘இடப்புறம்’ என்பதை ‘வலப்புறம்’ என்று மாற்றிப் படித்துவிடும் வாய்ப்பும் உண்டு. எனவே பெயர்களை முதலெழுத்தாக்கி, குறிப்புகளைக் கண்ணால் பார்த்தவுடன் புரியும் வடிவத்தில் ஒருமுறை எழுதிவிட வேண்டும்:

கம (ஒட்டி, இதே ஒழுங்கில்)
ந … ர
வ ≠ 1, 6
த _ _ ர அல்லது ர _ _ த

நான்காவது வரியை இரண்டு வடிவங்களிலும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். குறிப்பு தாமரையை முதலில் சொல்வதாலேயே அவர்தான் இடப்பக்கம் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. நடுவே இரண்டு பேர் என்றால் இடங்களின் வேறுபாடு 3 என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சோதனையின் நடுவில் அவசரத்தில் கணக்கிட்டால் 2 என்று எழுதிவிடுவது எளிது. கோடுகளாக வரைந்துவிட்டால் அந்தப் பிழைக்கு இடமே இருக்காது.

சுருக்கி எழுதியதும், ஒவ்வொரு வரியையும் மூலக் குறிப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள். இங்கே ஒரு வரி தவறினால் மூன்று வினாக்களும் தவறும். அதுவும் ஒவ்வொரு சோதனையும் சரியாகவே நடப்பதுபோல் தோன்றிக்கொண்டே தவறும்.

3. தெரிவுகளுக்குப் போகுமுன் வினாவின் கடைசிச் சொல்லைப் படியுங்கள்

‘இருக்கலாம்’, ‘இருந்தே ஆகவேண்டும்’, ‘இருக்க முடியாது’ ஆகிய மூன்றில் எது வந்திருக்கிறது என்பதே சோதனை முறையைத் தீர்மானிக்கிறது.

‘எது உண்மையாக இருக்கலாம்?’ என்றால், ஒரு தெரிவை உண்மை என்று கொண்டு, எல்லாக் குறிப்புகளுக்கும் உட்பட்ட ஒரே ஒரு வரிசையைக் கட்டிவிட்டால் போதும், அதுவே விடை. மற்றத் தெரிவுகளைப் பார்க்கத் தேவையில்லை.

‘எது உண்மையாக இருந்தே ஆகவேண்டும்?’ என்றால் சோதனை தலைகீழாகிறது. தெரிவைப் பொய் என்று கொண்டு ஒரு வரிசையைக் கட்ட முயல வேண்டும். கட்ட முடிந்தால் அந்தத் தெரிவு விழுந்தது. எவ்வகையிலும் கட்ட முடியாவிட்டால் அதுதான் விடை. தெரிவை உண்மை என்று கொண்டு ஒரு வரிசை கட்டிப் பார்ப்பதால் இங்கே எதுவும் நிறுவப்படுவதில்லை.

‘எது உண்மையாக இருக்க முடியாது?’ என்றால், தெரிவை உண்மை என்று கொள்ள வேண்டும்; ஆனால் வரிசை கட்ட முடிந்த தெரிவு இங்கே விடையல்ல, விலக்கப்படுவது. முரண்பாட்டில் முடிவதே விடை.

‘தவிர’ என்ற சொல்லோடு வரும் வினாக்கள் இந்த மூன்றில் ஒன்றின் மறுவடிவமே. ‘பின்வருவனவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை உண்மையாக இருக்கலாம், அந்த ஒன்று எது?’ என்பது மூன்றாவது வகை. இப்படி வந்தால், வினாவை மூன்று வடிவங்களுள் ஒன்றாக ஓரத்தில் மாற்றி எழுதிவிட்டே தெரிவுகளுக்குப் போவது நல்லது.

4. தெரிவு முழு வரிசையாக இருந்தால்: குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெரிவுகளின் மேல் நடந்து செல்லுங்கள்

முதல் வினா: இடமிருந்து வலமாக ஆறு பேரின் வரிசையாகப் பின்வருவனவற்றுள் எது இருக்கலாம்?

(அ) நளன், தாமரை, வாணி, கவின், மதி, ரகு
(ஆ) தாமரை, நளன், வாணி, ரகு, மதி, கவின்
(இ) நளன், வாணி, தாமரை, கவின், மதி, ரகு
(ஈ) வாணி, நளன், தாமரை, கவின், மதி, ரகு
(உ) கவின், மதி, ரகு, வாணி, நளன், தாமரை

பெரும்பாலோர் (அ)வை எடுத்து நான்கு குறிப்புகளையும் பார்ப்பார்கள், பிறகு (ஆ)வை எடுத்து மீண்டும் நான்கையும் பார்ப்பார்கள். இதைவிட, ஒரு குறிப்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து தெரிவுகளையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பது விரைவானது, பிழையும் குறைவானது. கண் ஒரே ஒரு வடிவத்தைத் தேடும்போது வேகமாகத் தேடும். நான்கு வடிவங்களை மாறி மாறித் தேடும்போது ஏதேனும் ஒன்றை விட்டுவிடும்.

எந்தக் குறிப்பிலிருந்து தொடங்குவது? பார்த்தவுடன் தெரிவதிலிருந்து. மூன்றாம் குறிப்புக்கு முனைகளை மட்டும் பார்த்தால் போதும்: (ஈ)யில் வாணி முதலிடத்தில் நிற்பதால் அது விலகுகிறது. முதல் குறிப்புக்குக் கவினும் மதியும் ஒட்டி நிற்கிறார்களா, எந்த ஒழுங்கில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்: (ஆ)வில் ஒட்டித்தான் நிற்கிறார்கள், ஆனால் ஒழுங்கு தலைகீழ். இரண்டாம் குறிப்புக்கு (உ) விலகுகிறது. அங்கே ரகு மூன்றாம் இடத்திலும் நளன் ஐந்தாம் இடத்திலும் இருக்கிறார்கள். எண்ண வேண்டிய நான்காம் குறிப்பைக் கடைசிக்கு வைத்தால், அதற்குள் இரண்டே தெரிவுகள் எஞ்சியிருக்கும். (அ)வில் தாமரை 2, ரகு 6, வேறுபாடு 4, ஆகவே விலகுகிறது. (இ)யில் தாமரை 3, ரகு 6, வேறுபாடு 3. விடை (இ).

விலக்கப்பட்ட நான்கு தெரிவுகளும் சரியாக ஒவ்வொரு குறிப்பை மட்டுமே மீறுவதைப் பாருங்கள். இத்தகைய வினாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைக்கப்படுகின்றன. மூன்று குறிப்புகள் பொருந்திவிட்டன என்பதற்காக நான்காவதைப் பார்க்காமல் விடுபவரைப் பிடிப்பதே அந்த அமைப்பின் நோக்கம்.

விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்கு ஓடிவிடாதீர்கள். (இ) வெறும் விடை மட்டுமல்ல, எல்லாக் குறிப்புகளுக்கும் உட்பட்டது என்று உறுதியான ஒரு வரிசை. தாளின் ஒரு மூலையில் ‘ந வ த க ம ர’ என்று எழுதி வையுங்கள். அடுத்த இரண்டு வினாக்களிலும் அதற்கு வேலை இருக்கிறது.

5. ‘இருந்தே ஆகவேண்டும்’ என்றால்: தெரிவை மறுத்துக் கட்டிப் பாருங்கள்

இரண்டாம் வினா: பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருந்தே ஆகவேண்டும்?

(அ) தாமரை, ரகுவுக்கு இடப்புறத்தில் நிற்கிறார்.
(ஆ) கவின், ரகுவுக்கு இடப்புறத்தில் நிற்கிறார்.
(இ) வாணி, நளனுக்கு வலப்புறத்தில் நிற்கிறார்.
(ஈ) நளனும் வாணியும் அருகருகே நிற்கிறார்கள்.
(உ) தாமரையும் கவினும் அருகருகே நிற்கவில்லை.

முதலில் கையிலிருக்கும் ‘ந வ த க ம ர’ என்ற வரிசையை ஐந்தின் மேலும் வையுங்கள். அதில் தாமரையும் கவினும் அருகருகே நிற்பதால் (உ) விழுகிறது. மற்ற நான்கும் அந்த வரிசையில் உண்மையே. உண்மையாக இருப்பதால் அவை தேறிவிட்டன என்று எண்ணக் கூடாது. இந்த வரிசையால் அவற்றை வீழ்த்த முடியவில்லை என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது.

இப்போது (அ)வை மறுப்போம். தாமரை ரகுவுக்கு வலப்புறத்தில் நிற்கிறார் என்று கொண்டால், ‘ர _ _ த’ என்ற வடிவம் வரிசையில் பொருந்த வேண்டும். ரகு 1, 2, 3 ஆகிய இடங்களில் ஒன்றில் நிற்கலாம். நளன் அவருக்கு இடப்புறத்தில் நிற்க வேண்டியிருப்பதால் 1 ஆகாது. எஞ்சியவை இரண்டு.

ரகு 2, தாமரை 5 என்று வைப்போம். நளனுக்கு 1 மட்டுமே கிடைக்கும். மீதி இடங்கள் 3, 4, 6. ஒட்டி நிற்க வேண்டிய கவினும் மதியும் 3, 4 ஆகியவற்றை எடுத்துக்கொள்ள, வாணி 6க்குத் தள்ளப்படுகிறார். அது முனை. முரண்பாடு.

புதியவர்களில் பலர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுப்பு முரண்பாட்டில் முடிந்தது, ஆகவே (அ) விடை என்று குறித்துவிடுகிறார்கள். முரண்பட்டது ‘ரகு 2’ என்ற ஒரு கிளை மட்டுமே. ‘தாமரை வலப்புறம்’ என்ற மறுப்பு முழுவதும் அல்ல. மறுப்புக்கு எத்தனை கிளைகள் உண்டு என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால், ஒன்று மூடியதும் அடுத்தது கண்ணில் படும்.

ரகு 3, தாமரை 6 என்று வைப்போம். மீதி 1, 2, 4, 5. நளன் 1 அல்லது 2இல் நிற்க வேண்டும். எனவே அந்த இரண்டு இடங்களும் சேர்ந்து கவின், மதி இணைக்குக் கிடைக்காது. அவர்கள் 4, 5க்குப் போகிறார்கள். வாணி முனையில் நிற்க முடியாததால் 2, நளன் 1. கிடைப்பது ‘ந வ ர க ம த’. நான்கு குறிப்புகளும் நிறைவேறுகின்றன. (அ) விழுந்தது.

புதிய வரிசை கிடைத்தவுடன் அதையும் எஞ்சிய தெரிவுகள் எல்லாவற்றின் மேலும் வைத்துப் பாருங்கள். இதில் கவின் 4, ரகு 3. ஆகவே (ஆ)வும் எந்தத் தனி உழைப்பும் இல்லாமல் விழுகிறது. (இ), (ஈ) இரண்டும் எஞ்சுகின்றன.

(இ)யை மறுத்தால் வாணி நளனுக்கு இடப்புறத்தில் வருகிறார். நளன் ரகுவுக்கு இடப்புறத்தில் இருப்பதால் ‘வ … ந … ர’ என்ற சங்கிலி உருவாகிறது. வாணி 1இல் நிற்க முடியாது. ஆகவே வாணி குறைந்தது 2, நளன் குறைந்தது 3, ரகு குறைந்தது 4. ரகுவை 4இல் வைத்தால் தாமரை 1, வாணி 2, நளன் 3. கவினும் மதியும் 5, 6. ‘த வ ந ர க ம’ சரியான வரிசை. (இ) விழுந்தது. விடை (ஈ).

தேர்வில் இங்கே நிறுத்திவிடலாம். ஐந்தில் ஒன்று விடை என்பது உறுதி, நான்கு விழுந்தன, ஐந்தாவதைத் தனியாக நிறுவத் தேவையில்லை. பயிற்சியின்போது மட்டும் அதை நிறுவிப் பாருங்கள். தாமரையும் ரகுவும் 1, 4இலோ 3, 6இலோ நின்றால், மீதி நான்கு இடங்கள் ஒட்டிய இரண்டு இணைகளாகப் பிரிகின்றன. ஒன்று கவினுக்கும் மதிக்கும், மற்றது நளனுக்கும் வாணிக்கும். 2, 5இல் நின்றால் ஒட்டிய இணை 3, 4 மட்டுமே; அதைக் கவினும் மதியும் எடுத்ததும் 1, 6 ஆகிய முனைகள் எஞ்சி, வாணிக்கு இடமில்லாமல் போகிறது. ஆகவே நளனும் வாணியும் எப்போதும் அருகருகேதான். முன்னோக்கித் தீர்ப்பவர் இந்த அமைப்பை முதலிலேயே கண்டுகொண்டால் நம்மைவிட விரைவாக முடித்துவிடுவார். கண்டுகொள்ளாவிட்டால் வழியின்றி நிற்பார். பின்னோக்கிய வழிக்கு அந்தக் கண்டுபிடிப்பு தேவைப்படுவதில்லை என்பதே அதன் பயன்.

6. பகுதித் தெரிவை எந்த ஒழுங்கில் நிரப்புவது

மேலே ஒவ்வொரு சோதனையிலும் நாம் பின்பற்றிய ஒழுங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தவறினால் கிளைகள் பெருகி, சோதிப்பது முன்னோக்கித் தீர்ப்பதைவிட நீளமாகிவிடும்.

முதலில் தெரிவு சொல்லும் ஆட்களை வையுங்கள். அடுத்து, அவர்களைத் தொடும் குறிப்பு ஏதேனும் இருந்தால் அதை நிறைவேற்றுங்கள். ரகுவை வைத்தால் தாமரையும் உடனே வைக்கப்பட வேண்டும். அதன் பிறகு பெரிய உருவம் கொண்டவற்றை, அதாவது ஒட்டி நிற்கும் இணைகளை வையுங்கள்; மீதி இடங்களில் ஒட்டிய இரண்டு கிடைப்பது அரிது என்பதால் அவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பொருந்தும். ‘எங்கோ இடப்புறத்தில்’, ‘முனையில் அல்ல’ போன்ற தளர்வான குறிப்புகளை முதலில் கையிலெடுக்காமல், கடைசியில் எஞ்சிய இடங்களைப் பங்கிடப் பயன்படுத்துங்கள். வாணியிலிருந்து தொடங்கியிருந்தால் நான்கு கிளைகளோடு தொடங்கியிருப்போம்.

7. கிடைத்த வரிசைகளைக் கொண்டு அடுத்த வினாவைத் தீருங்கள்

மூன்றாம் வினா: பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருக்க முடியாது?

(அ) தாமரை மூன்றாம் இடத்தில் நிற்கிறார்.
(ஆ) ரகு மூன்றாம் இடத்தில் நிற்கிறார்.
(இ) ரகு ஐந்தாம் இடத்தில் நிற்கிறார்.
(ஈ) மதி ஆறாம் இடத்தில் நிற்கிறார்.
(உ) நளன் மூன்றாம் இடத்தில் நிற்கிறார்.

தாளின் மூலையில் இப்போது மூன்று வரிசைகள் இருக்கின்றன:

ந வ த க ம ர
ந வ ர க ம த
த வ ந ர க ம

முதல் வரிசையில் தாமரை மூன்றாம் இடத்தில் நிற்கிறார், (அ) முடியும். இரண்டாவதில் ரகு மூன்றாம் இடத்தில், (ஆ) முடியும். மூன்றாவதில் மதி ஆறாம் இடத்திலும் நளன் மூன்றாம் இடத்திலும் நிற்கிறார்கள். (ஈ), (உ) இரண்டும் முடியும். புதிதாக ஒரு வரிசைகூடக் கட்டாமல் விடை (இ) என்று தெரிந்துவிட்டது. உறுதி செய்துகொள்ள வேண்டுமானால் ரகுவை 5இல் வையுங்கள்: தாமரை 2, கவினும் மதியும் 3, 4, எஞ்சியவை 1, 6, வாணிக்கு இடமில்லை.

ஆகவே ஒரே புதிரின்மேல் பல வினாக்கள் வரும்போது, வந்த ஒழுங்கிலேயே அவற்றைத் தீர்க்கத் தேவையில்லை. முழு வரிசையைக் கேட்கும் வினாவை முதலில் தீருங்கள், ஏனெனில் அது ஒரு வரிசையை இலவசமாகத் தருகிறது. ‘இருக்க முடியாது’ வினாக்களைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள், ஏனெனில் அதற்குள் சேர்ந்திருக்கும் வரிசைகள் அவற்றின் தெரிவுகளைப் பெரும்பாலும் விலக்கிவிட்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ரகு நான்காம் இடத்தில் நின்றால்’ என்று ஒரு வினா தற்காலிக நிபந்தனை விதித்தால், அதில் கட்டிய வரிசையைப் பொது வினாக்களுக்கும் பயன்படுத்தலாம்; அது நான்கு குறிப்புகளுக்கும் உட்பட்டதுதான். ஆனால் அந்த வினாவில் எட்டிய முடிவுகளைப் பயன்படுத்தக் கூடாது. ரகு நான்கில் நின்றால் மதி ஆறில்தான் நிற்க முடியும் என்பது உண்மை. நிபந்தனையை நீக்கிவிட்டால் அது உண்மையல்ல. நம் முதல் வரிசையிலேயே மதி ஐந்தில் நிற்கிறார்.

8. உண்மை, பொய் புதிர்களில் தெரிவே முழு நிலை

வரிசைப் புதிரில் ‘ரகு மூன்றில்’ என்ற தெரிவு நிலைமையின் ஒரு பகுதியை மட்டுமே சொல்கிறது. மீதியை நாம் நிரப்ப வேண்டியிருக்கிறது. யார் செய்தது என்று கேட்கும் புதிர்களில் தெரிவைச் சொன்னவுடனேயே எல்லாக் கூற்றுகளின் உண்மையும் பொய்யும் முடிவாகிவிடும். எனவே அங்கே கிளைகள் இல்லை, எண்ணினால் போதும்.

நால்வரில் ஒருவர் சாவியை எடுத்திருக்கிறார், நான்கு கூற்றுகளில் சரியாக இரண்டு உண்மை என்று வைத்துக்கொள்வோம். வாணி: “எடுத்தது நளன் அல்லது ரகு.” நளன்: “நான் எடுக்கவில்லை.” ரகு: “மதி எடுக்கவில்லை.” மதி: “எடுத்தது வாணி.”

வாணி எடுத்திருந்தால் நளன், ரகு, மதி மூவரின் கூற்றும் உண்மை, மூன்று. நளன் எடுத்திருந்தால் வாணியின் கூற்றும் ரகுவின் கூற்றும் மட்டும் உண்மை, இரண்டு. ரகு எடுத்திருந்தால் வாணி, நளன், ரகு கூறியவை உண்மை, மூன்று. மதி எடுத்திருந்தால் நளனின் கூற்று மட்டும் உண்மை, ஒன்று. ஆகவே நளன். “வாணி உண்மை சொல்கிறார் என்றால்…” என்று கூற்றிலிருந்து தொடங்குபவர்கள் இதே புதிரில் இரண்டு இரண்டு கூற்றுகளாக ஆறு சேர்க்கைகளை ஆராய வேண்டியிருக்கும்.

தெரிவுகள் எண்களாக இருந்து, எண் கூடக் கூட முடிவும் ஒரே சீராகக் கூடுமானால், நடுவிலுள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். முடிவு குறைந்தால் மேலே, கூடினால் கீழே போகலாம். இந்தச் சலுகை வரிசைப் புதிர்களுக்குப் பொருந்தாது: நம் புதிரில் ரகு 4இலும் 6இலும் நிற்கலாம், இடையிலுள்ள 5இல் நிற்க முடியாது.

9. தெரிவுகளைச் சோதிப்பது பயன்படாத இடங்கள்

‘எத்தனை வரிசைகள் சாத்தியம்?’ என்ற வினாவில் தெரிவுகளைச் சோதிக்க வழியே இல்லை. ‘ஆறு’ என்பதை உண்மை என்று எடுத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. தாமரையும் ரகுவும் நிற்கக்கூடிய இடங்களைக் கொண்டு கிளைகளாகப் பிரித்து எண்ணுவதே வழி. நம் புதிருக்கு விடை ஆறுதான். 1, 4இல் இரண்டும், 3, 6இல் மூன்றும், ரகு 3இலும் தாமரை 6இலுமாக ஒன்றும் கிடைக்கின்றன.

‘பின்வருவனவற்றுள் எது உண்மையானால் முழு வரிசையும் உறுதியாகும்?’ என்ற வினாவில் சோதிக்கலாம், ஆனால் ஒரு தெரிவை விலக்க இரண்டு வெவ்வேறு வரிசைகள் தேவை. தாமரை முதலிடத்தில் என்பது விலகும், ஏனெனில் ‘த ந வ ர க ம’, ‘த வ ந ர க ம’ இரண்டும் பொருந்துகின்றன.

‘மேற்கண்ட எதுவுமில்லை’ என்ற தெரிவு இருந்தால், மற்றவற்றை வீழ்த்தி எஞ்சியதை விடையாகக் கொள்ளும் உரிமை போய்விடுகிறது. எஞ்சியதையும் நேரடியாகச் சோதிக்க வேண்டும். ‘தகவல் போதாது’ என்ற தெரிவைக் குறிப்பதற்கும் சான்று தேவை: கேட்ட கேள்விக்கு வெவ்வேறு பதில் தரும் இரண்டு வரிசைகளை எழுதிக் காட்ட முடிய வேண்டும். விடை கிடைக்கவில்லை என்பதற்காக அதைக் குறிப்பது தவறு.

10. வழக்கமாக நேரும் மேலும் சில பிழைகள்

‘கவின் முதலில் நின்றால், வாணி நான்காவதாக நிற்பார்’ போன்ற நிபந்தனைக் குறிப்பைச் சோதிக்கும்போது பலர் ‘வாணி நான்காவது, ஆகவே கவின் முதலில்’ என்று திருப்பிவிடுகிறார்கள். கவின் முதலில் நிற்காத எந்த வரிசையும் இந்தக் குறிப்பை மீறுவதில்லை, வாணி எங்கே நின்றாலும் சரி. மீறல் ஒரே வகையில்தான் நேரும்: கவின் முதலில் நிற்க வேண்டும், வாணி நான்காவதாக நிற்காமலும் இருக்க வேண்டும். தெரிவுகளின் மேல் ஓட்டிப் பார்க்கும்போது கவின் முதலில் நிற்கும் தெரிவுகளை மட்டும் பாருங்கள்.

மறுப்பைத் தவறாக எழுதுவது அடுத்த பிழை. ‘நளன் முதலிடத்தில் அல்லது கடைசி இடத்தில் நிற்கிறார்’ என்பதை மறுத்தால் அவர் இரண்டு முனைகளிலுமே நிற்கவில்லை என்று வர வேண்டும். முதலிடத்தை மட்டும் நீக்கிச் சோதித்தால் பாதி மறுப்பே நடந்திருக்கும்.

கடைசியாக, ஒரு தொகுப்பின் இறுதி வினா சில நேரங்களில் ‘மூன்றாம் குறிப்புக்குப் பதிலாக’ என்று தொடங்கி வேறொரு குறிப்பைத் தரும். அந்த வினாவுக்கு மூலையில் எழுதி வைத்த வரிசைகளை அப்படியே எடுத்தாளக் கூடாது. ஒவ்வொன்றையும் புதிய குறிப்போடு பொருத்திப் பார்த்துத் தேறுவதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு முடியாது என்று மூடிய கிளைகளையும் திறக்க வேண்டியிருக்கும். நம் புதிரில் தாமரையையும் ரகுவையும் 2, 5இல் வைக்கும் கிளையை மூடியது வாணி முனையில் நிற்கக் கூடாது என்ற அந்த மூன்றாம் குறிப்புதான். அது நீங்கிவிட்டால் ரகு ஐந்தாம் இடத்தில் நிற்பதற்கு மற்ற மூன்று குறிப்புகளில் எந்தத் தடையும் இல்லை.